சார் என்று சொன்னால் போதுமா?

இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பேராசிரியரின் கைப்பேசிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி.

“ஹாய் சார், நான்தான் செகண்ட் இயர். நாளைக்கு அசைன்மென்ட் தர முடியாது சார், ஃபீவர். மன்டே தரேன், ஓகேவா சார்? அட்டெண்டன்ஸும் போட்டுருங்க. சீக்கிரம் ரிப்ளை பண்ணுங்க சார் ப்ளீஸ்.”

ஐந்தாறு வரிக்குள் நான்கு ‘சார்’ இருக்கிறது. ‘ப்ளீஸ்’ இருக்கிறது. ‘போட்டுருங்க’, ‘பண்ணுங்க’ என்று வினைகளும் மரியாதைப் பன்மையில்தான் நிற்கின்றன. எழுதியவர் மனத்தில் துளி அவமதிப்பும் கிடையாது. ஆனாலும் படிக்கும் பேராசிரியருக்கு முகம் சுருங்கும். ‘என்னிடம் அனுமதி கேட்கிறாரா, எனக்குத் தகவல் சொல்கிறாரா?’ என்ற கேள்விதான் முதலில் எழும். இந்தச் செய்தியைக் கல்வித்துறை எதிர்பார்க்கும் நடைக்கு மாற்றுவதென்றால் ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களைப் போடுவது மட்டும் போதாது. ‘தொழுகையோடு சொல்கிறேன், நாளை ஒப்படைப்பைத் தர முடியாது ஐயா’ என்று எழுதினாலும் முகம் சுருங்கத்தான் செய்யும். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் கோளாறு ‘முடியாது’. தமிழில் தன்மையில் வரும் ‘முடியாது’ இரண்டு வேலை செய்யும். ‘அந்த மூட்டையை என்னால் தூக்க முடியாது’ என்றால் இயலாமை. ‘தர முடியாது, போ’ என்றால் மறுப்பு. நேரில் பேசும்போது குரலும் முகமும் எது என்று காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அந்த உதவி இல்லாததால், ‘தர முடியாது சார்’ என்பது மறுப்பாகவே காதில் விழுகிறது. ‘என்னால் முடிக்க இயலவில்லை’ என்று எழுதினால் அந்த ஐயத்துக்கே இடமில்லை. இங்கே ‘இயலவில்லை’ என்பது அழகுக்காகப் போட்ட செந்தமிழ்ச் சொல் அல்ல. ‘முடியாது’ இனி நடக்கப்போவதைப் பற்றிய முடிவைச் சொல்கிறது. ‘இயலவில்லை’ நடந்துவிட்ட ஒன்றைச் சொல்கிறது. ‘முடியவில்லை’ என்று எழுதினால்கூடப் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ‘மன்டே தரேன், ஓகேவா?’ என்பது. இதில் முடிவை மாணவியே எடுத்துவிட்டார். பேராசிரியருக்கு மிச்சம் வைத்திருப்பது தலையாட்டும் வேலை மட்டும்தான். கெடு வைத்தவர் அவர் என்பதால் கெடுவைத் தள்ளிவைக்கும் உரிமையும் அவருடையது. தோழியிடம் ‘ஆறு மணிக்கு வரேன், ஓகேவா?’ என்று கேட்பதில் தவறில்லை. இருவரும் சமம், நேரம் இருவருக்கும் பொது. சமமானவர்களுக்குள் செல்லும் வாக்கிய அமைப்பு, சமமில்லாத இடத்தில் வந்து நிற்பதுதான் இங்கே உறுத்துகிறது. பின்னால் ஒட்டிய ‘சார்’ அந்த உறுத்தலைக் குறைப்பதில்லை.

மரியாதைப் பன்மையும் இதே காரணத்தால்தான் போதாமல் போகிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது தமிழுக்கு மிகப் பழைய பழக்கம். தொல்காப்பியமே அதைப் பேசுகிறது. இலக்கண நெறிப்படி அது சரியில்லை, உலக வழக்கில் உயர்வு கருதிச் சொல்லப்படுகிறது என்று ஏற்றுக்கொள்கிறது. அன்று தனிச் சிறப்பாக இருந்த அந்தப் பன்மை இன்று பேருந்தில் ‘கொஞ்சம் தள்ளி உட்காருங்க’ என்பது வரை வந்துவிட்டது. கொங்கு நாட்டிலோ ‘சரிங்க’, ‘இல்லைங்க’ என்று வினையல்லாத சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும். அறிமுகமில்லாத எவரோடு பேசவும் அதுதான் அடிப்படை மரியாதை. அடிப்படையாகிவிட்டதாலேயே அதற்குத் தனி எடை இல்லை. பேராசிரியரிடம் ‘பண்ணுங்க’ என்பது ‘பண்ணு’ என்று சொல்லாமல் இருந்ததற்கு மட்டுமே சமம்.

அப்படியானால் எடை எங்கே இருக்கிறது? கேட்கும் வினையில். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலான எச்சவியலில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஒரு பொருளைக் கேட்டுப் பெறுவதற்கு ஈ, தா, கொடு என்று மூன்று சொற்கள். தாழ்ந்த நிலையில் இருப்பவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ‘ஈ’. ஒத்தவரிடம் கேட்டால் ‘தா’. உயர்ந்தவர் கீழே உள்ளவரிடம் கேட்டால் ‘கொடு’. கேட்கும் பொருள் ஒன்றாக இருந்தாலும் யார் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்து வினை மாறும் என்பது அந்த விதியின் சாரம். இன்று யாரும் ‘ஈ’ என்று கேட்பதில்லை. ஆனால் வேறு உருவங்களில் அந்தப் படிநிலை அப்படியே இருக்கிறது.

‘அனுப்பு’ என்ற வினையை எடுத்துக்கொள்ளலாம். ‘அனுப்புங்கள்’ என்பது ஏவல். மரியாதையான ஏவல், அவ்வளவுதான். அடுத்து ‘அனுப்பவும்’. மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எழுத்துத் தமிழில் மட்டும் வரும் உருவம் என்பதால் இது ஏதோ பணிவானது என்று எண்ணி, ‘விரைவில் பதில் அனுப்பவும்’ என்று பேராசிரியருக்கு எழுதிவிடுகிறார்கள். இந்த உருவம் எங்கே வாழ்கிறது என்று பார்த்தால் விளங்கும். ‘செருப்பை வெளியே விடவும்’, ‘சில்லறை தரவும்’, ‘வரிசையில் நிற்கவும்’. அறிவிப்புப் பலகையின் மொழி இது. இன்னார் என்று இல்லாத பொதுமக்களுக்கு, இன்னார் என்று இல்லாத ஓர் அலுவலகம் இடும் கட்டளை. பேச்சில் வரும் ‘பண்ணுங்க’வைவிட இது ஒரு படி குளிர்ந்தது, உயர்ந்தது அல்ல.

‘அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. இது ஏவல் இல்லைதான். ஆனால் அலுவலகக் கடிதங்களிலும் சுற்றறிக்கைகளிலும் மேலிருந்து கீழே வரும்போதும் சமமான துறைகளுக்குள் போகும்போதும் புழங்கிப் புழங்கி, இதற்கு ஓர் அதிகாரத் தொனி ஏறிவிட்டது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று செயப்பாட்டுவினை ஆகிவிட்டால் அது முழு அரசாணைதான். மாணவர் எழுதும் இடத்தில் பொருந்துவது ‘வேண்டுகிறேன்’: ‘அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன்’, ‘இசைவளிக்குமாறு வேண்டுகிறேன்’. ‘உதவு’, ‘தா’, ‘அருள்’ போன்ற துணைவினை ஒன்று சேரும்போது, செய்யப்போவது அவருடைய கடமை அல்ல, அவர் மனமுவந்து செய்வது என்ற பொருள் வந்துவிடுகிறது. ‘அருள்’ இன்றைய கடிதத்துக்குச் சற்றுக் கூடுதல், ‘உதவு’வே போதும்.

இனி விளி. பேச்சில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ‘சார்’, ‘மேம்’ தவிர வேறு எதுவும் இயல்பாக ஒலிக்காது. எழுத்தில் ‘ஐயா’, ‘அம்மா’. பழைய விண்ணப்பங்களில் வரும் ‘அம்மையீர்’ என்பது முன்பின் தெரியாத அலுவலர்க்கு உரியது. நாள்தோறும் வகுப்பெடுக்கும் பேராசிரியைக்கு எழுதினால் அந்நியமாக இருக்கும். ‘ஐயா / அம்மா’ என்று கோடு போட்டு எழுதுவது இன்னும் மோசம். அச்சிட்ட படிவத்தில் அது சரி. தனக்குப் பாடம் நடத்துபவர் ஆணா பெண்ணா என்பதே தெரியாமல் எழுதியதுபோல் அது காட்டும்.

ஆங்கிலக் கல்விச் சூழலில் பட்டத்தோடு பெயரையும் சேர்த்து விளிப்பதுதான் முறை. தமிழில் மாணவர் ஆசிரியரைப் பெயர் சொல்லி விளிப்பதில்லை. பெயரைத் தவிர்ப்பதே மரியாதை. பெயர் வரவேண்டிய இடம் பெறுநர் முகவரி மட்டும். அங்கே பட்டமும் ‘அவர்கள்’ என்பதும் சேர்ந்து வரும். ‘அவர்கள்’ உண்மையில் படர்க்கைச் சொல். உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் ‘பிள்ளையவர்கள்’ என்றே எழுதியதை நினைத்தால் இதன் பழமை தெரியும். ‘தாங்கள்’ என்பதும் இதே வகைதான். படர்க்கையில் ‘தாம்’ என்று வரும் சொல்லின் உறவு அது. எதிரில் இருப்பவரை நேரே சுட்டாமல் சற்றுத் தள்ளி நிறுத்திப் பேசுவதை மரியாதையாகக் கருதும் மனம் இந்த இரண்டு சொல்லிலும் தெரிகிறது. கடிதத்தில் ‘நீங்கள்’ என்று எழுதினாலும் குற்றமில்லை. ஒரு வரியில் ‘தாங்கள்’, அடுத்த வரியில் ‘உங்கள்’ என்று கலப்பதுதான் பார்வைக்குக் கோணலாக இருக்கும். ‘தாங்கள்’ என்று தொடங்கினால் வினை ‘அளித்தீர்கள்’ என்றே முடிய வேண்டும். ‘தாங்கள் அளித்தார்கள்’ என்று எழுதுவது பிழை.

பட்டங்களில் ஒரு நுட்பம். ஆய்வுப் பட்டம் பெற்றவர் தமிழ்நாட்டில் ‘முனைவர்’, இலங்கையில் ‘கலாநிதி’. தமிழ்நாட்டில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் என்று பதவி எதுவானாலும் அழைக்கும்போது ‘பேராசிரியர்’ என்று சொல்லிவிடலாம். யாரும் குறை காணமாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு எழுதும்போது அப்படிச் செய்யக் கூடாது. அங்கே விரிவுரையாளர் வேறு, பேராசிரியர் வேறு. பதவிப் பெயர் பதவி உள்ளவருக்கு மட்டும். பெண்களுக்குத் ‘திருமதி’, ‘செல்வி’ போடுவதில் மணமானவரா இல்லையா என்ற ஊகம் ஒளிந்திருக்கிறது; ‘முனைவர்’ அல்லது ‘பேராசிரியர்’ போட்டால் அந்த வம்பே இல்லை.

இவ்வளவையும் கேள்விப்பட்ட மாணவர் அடுத்து விழும் பள்ளம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அவர் எழுதுவது ஏறக்குறைய இப்படி அமையும்: ‘பெருமதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய மாண்புமிகு பேராசிரியர் ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு, தங்கள் பொன்னான நேரத்தில் சில மணித்துளிகளை ஒதுக்கி இந்த எளியவளின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ ‘மாண்புமிகு’ அமைச்சர்களுக்குப் போடும் அடைமொழி. பொற்பாதம் மேடைப் பேச்சு. கடைசியில் வந்து நிற்பதோ மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செயப்பாட்டுவினை. இவ்வளவு நீளத்துக்குப் பிறகும் என்ன வேண்டும் என்பது வரவேயில்லை. பணிவுச் சொல் கூடக்கூடப் படிப்பவருக்கு ஐயமும் கூடும். கடன் கேட்க வந்தவர் வாசலிலேயே புகழத் தொடங்கியதுபோல.

தொடக்கத்தில் பார்த்த செய்தியில் இன்னும் இரண்டு குறை மீதமிருக்கிறது. ஒன்று, எழுதியவர் யார் என்பது. ‘நான்தான் செகண்ட் இயர்’ என்பது மாணவிக்குப் போதுமானதாகத் தோன்றலாம். பேராசிரியர் மூன்று நான்கு வகுப்புகளுக்குப் போகிறார். மாணவியின் எண் அவர் கைப்பேசியில் பெயரோடு பதிவாகியிருக்காது. வகுப்பு, தாள், பெயர், பதிவு எண் நான்கும் வேண்டும். இன்னொன்று, போகிறபோக்கில் செருகிய ‘அட்டெண்டன்ஸும் போட்டுருங்க’. வராத நாளுக்கு வந்ததாகப் பதியச் சொல்வது, எவ்வளவு பணிவாக எழுதினாலும் செல்லாத வேண்டுகோள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தேர்வெழுதப் பொதுவாக 75 விழுக்காடு வருகை வேண்டும். அது குறைந்தால் மருத்துவச் சான்றோடு துறைத்தலைவர் வழியாக மேலே விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பெடுப்பவர் கையில் அது இல்லை. நடையை மாற்றும்போது இப்படிப்பட்ட வரியை நயமாக்கப் பார்க்கக் கூடாது, நீக்கிவிட வேண்டும்.

காய்ச்சல் என்ற காரணமும் ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. எப்போதிலிருந்து, எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, எவ்வளவு மீதம் என்று தெரிந்தால்தான் பேராசிரியர் முடிவெடுக்க முடியும். அதேசமயம் மாத்திரைப் பெயர் வரை எழுதிக் கதை சொல்லவும் வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். மின்னஞ்சலாக அனுப்பினால் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று பள்ளியில் படித்த தலைப்புகள் தேவையில்லை. அவற்றை மின்னஞ்சலே சுமந்து செல்கிறது. ‘பொருள்’ மட்டும் அதற்குரிய கட்டத்தில் போகும். அதை வெறுமையாக விட்டு அனுப்புவது பரவலாக நடக்கும் தவறு.

இவற்றைச் சேர்த்துத் திருத்தி எழுதினால் மாணவியின் மடல் இப்படி வரும்:

> பொருள்: குறுந்தொகை ஒப்படைப்பு – திங்கட்கிழமை வரை கால நீட்டிப்பு வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நான் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. தங்களிடம் சங்க இலக்கியத் தாள் பயில்கிறேன்.
>
> செவ்வாய்க்கிழமை முதல் காய்ச்சலாக இருப்பதால், நாளை அளிக்க வேண்டிய குறுந்தொகை ஒப்படைப்பை என்னால் முடிக்க இயலவில்லை. ஐந்து பாடல்களில் மூன்றுக்கு எழுதிவிட்டேன், இரண்டு மீதமுள்ளன. திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு முன் முழுமையாக ஒப்படைக்கத் தாங்கள் இசைவளிக்குமாறு வேண்டுகிறேன். அதற்கு வாய்ப்பில்லையென்றால், எழுதியவரை நாளை வகுப்புத் தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன்.
>
> மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன். கடைசி நேரத்தில் எழுத நேர்ந்ததற்கு மன்னிக்க வேண்டுகிறேன்.
>
> நன்றி.
>
> இப்படிக்கு,
> தங்கள் மாணவி
> (பெயர், பதிவு எண்)

இதில் ‘ஐயா’ ஒரே ஒரு முறைதான் வருகிறது. முன்னது நான்கு ‘சார்’ போட்டும் செய்ய முடியாததை இது செய்துவிடுவதற்குக் காரணம் நடுப்பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்கள். முதலாவது முடிவைப் பேராசிரியர் கையில் கொடுக்கிறது. இரண்டாவது, அவர் மறுத்தாலும் மாணவி என்ன செய்வார் என்று சொல்லி, மறுப்பதில் உள்ள சங்கடத்தை நீக்குகிறது. ‘இல்லை’ என்று சொல்ல இடம் விடாத வேண்டுகோள், என்ன சொல்லால் எழுதினாலும் வற்புறுத்தல்தான். ‘சீக்கிரம் ரிப்ளை பண்ணுங்க’ என்பதும் இங்கே காணாமல் போயிற்று. கெடு நாளை என்பது மடலிலேயே இருக்கிறது. விரைவாகப் பதில் வேண்டும் என்பது படிப்பவருக்கே தெரியும். ‘கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று முடிக்கும் பழைய வழக்கம் மறைந்துவருகிறது. ‘தங்கள் மாணவி’ போதும்.

இதே செய்தி வாட்ஸ்அப்பில் போக வேண்டியிருந்தால் அளவு சுருங்கும்; வரிசை மாறாது. ‘வணக்கம் ஐயா. முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு, பதிவு எண் இன்னது. காய்ச்சலால் குறுந்தொகை ஒப்படைப்பை முடிக்க முடியவில்லை. திங்கள் காலை கொடுக்கலாமா ஐயா? சான்றை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். நன்றி.’ இங்கே ‘இயலவில்லை’ ‘முடியவில்லை’ ஆகலாம். ‘வேண்டுகிறேன்’ ‘கொடுக்கலாமா’ ஆகலாம். பேராசிரியரே பேச்சுத் தமிழில் எழுதுபவராக இருந்தால் ‘சார்’ என்றே எழுதுவதிலும் தவறில்லை. ஆனால் இரவு பதினொன்றரைக்கு அனுப்பாமல் காலை எட்டு மணிக்கு அனுப்புவது, மேலே சொன்ன எல்லாச் சொல் மாற்றங்களுக்கும் ஈடான மரியாதை.

நேரில் போனால் கதையே வேறு. துறை வாசலில் நின்று ‘தாங்கள் இசைவளிக்குமாறு வேண்டுகிறேன்’ என்று ஒரு மாணவி சொன்னால் கேலி செய்கிறாரோ என்றுதான் பேராசிரியர் நிமிர்ந்து பார்ப்பார். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தத்தம் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை. பேச்சுத் தமிழுக்கு இதற்கென்றே அருமையான ஓர் உருவம் இருக்கிறது: ‘சார், மூணு நாளா காய்ச்சல். இன்னும் ரெண்டு பாட்டு எழுதணும். திங்கக்கிழமை கொடுக்கட்டுமா சார்?’ ‘தரேன், ஓகேவா?’ என்பதற்கும் ‘கொடுக்கட்டுமா?’ என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு விகுதிதான். முதலாவதில் முடிவு சொல்பவருடையது, இரண்டாவதில் கேட்பவருடையது. எழுத்தில் ‘இசைவளிக்குமாறு வேண்டுகிறேன்’ செய்யும் வேலையை அந்த ‘-அட்டுமா’ பேச்சில் செய்துவிடுகிறது.

பதில் வராவிட்டால், கெடு நெருங்காதவரை ஓரிரு வேலை நாள் பொறுத்து அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக ஒரே ஒரு வரி எழுதலாம்: ‘ஐயா, வணக்கம். கால நீட்டிப்பு வேண்டி எழுதியிருந்தேன். தங்கள் முடிவை அறிய விரும்புகிறேன்.’ ‘நினைவூட்டல்’ என்று தலைப்பிடுவது அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று செய்வது. மாணவர் அதைத் தவிர்க்கலாம். பதில் வந்துவிட்டால், அது ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லாக இருந்தாலும், ‘நன்றி ஐயா. திங்கட்கிழமை காலை ஒப்படைத்துவிடுகிறேன்’ என்று ஒரு வரி திருப்பி எழுத வேண்டும். கட்டை விரல் படத்தை மட்டும் அனுப்பி முடிப்பது, கேட்டது கிடைத்ததும் திரும்பிப் பார்க்காமல் நடந்ததாகிவிடும். சொன்ன கிழமையையும் அந்த வரியில் சேர்த்து எழுதிவிட்டால், திங்கட்கிழமை காலை அவர் மேசைமேல் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பது இருவருக்கும் தெளிவு.